வெளியிலிருந்து வர்ற புது மேனேஜர்: டீமுக்கு போற மெயில்ல என்ன எழுதுறது?

நைட்ஷிப்ட்:
வர்ற திங்கட்கிழமை எங்க டீமுக்கு வேற கம்பெனியில இருந்து ஒரு மேனேஜர் ஜாயின் பண்றார். அறிவிப்பு மெயில நீயே டிராப்ட் போட்டுக் குடுன்னு ஹெட் மேடம் சொல்லிட்டாங்க, அவங்க பேர்லதான் போகும். சோழிங்கநல்லூர்ல கஸ்டமர் சப்போர்ட், 14 பேர், 24 மணி நேர ஷிப்ட். பழைய மேனேஜர் செப்டம்பர்ல போனதுல இருந்து எங்க சீனியர் லீட் அண்ணாதான் டீம பாத்துட்டு இருக்கார், அவரும் இந்த போஸ்டுக்கு அப்ளை பண்ணாரு, கிடைக்கல. நான் எழுதினது இதான்: "15 வருட அனுபவம் கொண்ட, ரிசல்ட் காட்டும் தலைவர், நம் டீமை அடுத்த லெவலுக்கு கொண்டு செல்வார், அனைவரும் வரவேற்போம்." படிச்சா எனக்கே ஒட்டல. எத எடுக்கணும் எத சேக்கணும்? வெள்ளிக்கிழமையே அனுப்பலாமா, திங்கட்கிழமையா?

கிண்டிக்காரன்:
முதல்ல இது ஹெச்ஆர் அனுப்ப வேண்டிய மெயில், ஹெட் பேர்ல போகக்கூடாது. ரெண்டாவது, வெளி ஆளு உள்ள வரும்போது ஒரு வெயிட் வேணும் ப்ரோ, எங்க படிச்சார், எந்தெந்த கம்பெனி, எத்தன பேர மேனேஜ் பண்ணார், என்ன அவார்டு வாங்கினார் எல்லாத்தையும் போடுங்க, இல்லன்னா "இவர் யாரு நமக்கு சொல்ல"ன்னு டீம் முதல் நாளே ஆரம்பிச்சிடும்.

மதுரவாயல்:
வாழ்த்துகள் ப்ரோ! புது இடம், முதல் மெயில் சின்னதா இருக்கட்டும், எல்லாரையும் தனித்தனியா மீட் பண்றேன்னு ஒரு வரி போடுங்க.

நைட்ஷிப்ட்:
ப்ரோ, ஜாயின் பண்றது நான் இல்ல, அவர அறிமுகப்படுத்துற மெயில்.

மதுரவாயல்:
ஓ சாரி, அவசரத்துல படிச்சிட்டேன். ஆனா போன வருஷம் நான் அந்த சீட்ல உக்காந்தவன், அதனால ஒண்ணு சொல்றேன். என்னைப் பத்தி போன மெயில நான் பாத்ததே ஜாயின் பண்ண அன்னிக்கு மதியம்தான். அதுல "செயல்முறைகளை அடியோடு மாற்றி அமைக்க வருகிறார்"னு இருந்துச்சு. என்கிட்ட யாரும் அப்படி ஒரு வேலையே குடுக்கல. ஒரு வாரம் என் டீம்ல யாரும் வாயத் திறந்து பேசல, யார தூக்கப் போறேன்னு பயந்துட்டு இருந்தாங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. வீட்ல எத்தன குழந்தைன்னு வேற போட்டிருந்தாங்க, கேக்காமலே. தயவு செஞ்சு டிராப்ட வர்றவர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க.

பழைய ஹெச்ஆர்:
நான் 11 வருஷம் ஹெச்ஆர்ல இந்த மாதிரி மெயில் நிறைய எழுதியிருக்கேன், அதுல நாலஞ்சு தப்பாவும் போயிருக்கு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

தம்பி, உங்க டிராப்ட்ல மொதல்ல எடுக்க வேண்டியது "அடுத்த லெவல்". நாலு மாசமா மேனேஜர் இல்லாம நைட் ஷிப்ட் ஓட்டின 14 பேர் அத படிச்சா, இது வரைக்கும் நாம கீழ் லெவல்ல இருந்தோம்னுதான் காதுல விழும். "ரிசல்ட் காட்டும் தலைவர்" அப்படிங்கறத எந்த ஊர்ல எந்த மேனேஜருக்கும் போடலாம், அதுல இவரப் பத்தி ஒண்ணுமே இல்ல. அதுக்குப் பதிலா அவர் செஞ்ச ஒரே ஒரு வேலைய சொல்லுங்க, அது உங்க டீமோட கஷ்டத்துக்கு பொருந்தணும். உதாரணத்துக்கு ரெண்டு ஊர்ல இருக்குற டீமுக்கு ஒரே ரோஸ்டர் போட்டு ஓட்டினவர்னா அத எழுதுங்க. ஏன் வெளியில இருந்து எடுத்தாங்கன்னு டீம் மனசுல இருக்குற கேள்விக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

அடுத்தது, மெயில் படிக்கிறவங்க தேடுறது அவரோட பயோடேட்டா இல்ல, "திங்கட்கிழமையில இருந்து எனக்கு என்ன மாறுது"ங்கறததான். இப்ப ஜனவரி, உங்க ஆளுங்க பொங்கல் லீவு போட்டிருப்பாங்க. சிஸ்டத்துல ரிப்போர்ட்டிங் மேனேஜர் பேர மாத்தினா, ஏற்கனவே அப்ளை பண்ணி பெண்டிங்ல இருக்குற லீவு நிறைய சாஃப்ட்வேர்ல பழைய அப்ரூவர் கிட்டயே மாட்டிக்கும், புதுசா வர்றவருக்கு கண்ணுலயே படாது. நான் பாத்த ஒரு இடத்துல ஊருக்கு டிக்கெட் போட்ட பையன் போகி அன்னிக்கு காலைல வரைக்கும் அப்ரூவல் வராம உக்காந்திருந்தான், புது மேனேஜர் வந்து கெடுத்துட்டார்னு பேரு, அவருக்கு விஷயமே தெரியாது. அதனால லீட் கிட்ட பெண்டிங்ல இருக்குறத வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கச் சொல்லுங்க, மெயில்ல "ஒப்புதல் ஆன பொங்கல் லீவு அப்படியே நிற்கும்"னு ஒரு வரி போடுங்க.

ஹெட் பேர்ல போறது சரிதான், தேர்ந்தெடுத்தது அவங்க, டீம் கேள்வி கேக்கப் போறதும் அவங்ககிட்டதான். கம்பெனி முழுக்க போற சின்ன அறிவிப்ப ஹெச்ஆர் தனியா அனுப்பட்டும்.

லீட் விஷயம்தான் பெருசு. மெயிலுக்கு ஒரு நாள் முன்னாடியாவது ஹெட் அவர நேர்ல கூப்பிட்டு சொல்லணும். செலக்ட் ஆகலங்கறது அவருக்குத் தெரியும், யார் வர்றாங்க, திங்கட்கிழமையில இருந்து தன்னோட வேலை என்னங்கறது தெரியாது. அந்த ரெண்டாவதுதான் முக்கியம்.

ஆக்டிங்:
மேடம் சொன்ன கடைசி விஷயம் எனக்கே நடந்தது. ஏழு மாசம் ஆக்டிங் மேனேஜரா இருந்தேன். எஸ்கலேஷன் கால் எடுத்து எடுத்து ராத்திரி ரெண்டு மணிக்கு என் பொண்ணு எழுந்து வந்து "அப்பா யாருகிட்ட சாரி சொல்ற"ன்னு கேட்டிருக்கா. ஒரு நாள் லஞ்ச்ல போன்ல மெயில் வந்துச்சு, புது மேனேஜர் பேரு, போட்டோ, பத்து வரி புகழ்ச்சி, கடைசில "சுமுகமான மாற்றத்துக்கு உதவுவார்"னு என் பேரு. ஏழு மாசமும் அந்த ஒரு வரிக்குள்ள போச்சு. பக்கத்துல உக்காந்திருந்தவன் சாப்பாட்ட மூடிட்டு எழுந்து போயிட்டான், என்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியாம. ரெண்டு வாரத்துல பேப்பர் போட்டேன். அந்த புது மேனேஜர் நல்ல மனுஷன், அவர் மேல எனக்கு கோவமே இல்ல. அதனால உங்க லீட் பேர மெயில்ல போடாதீங்கன்னுதான் சொல்வேன்.

கிண்டிக்காரன்:
அது எப்படி சார், நாலு மாசம் பாத்தவர் பேரே இல்லாம மெயில் போனா அது அதவிட அவமானம் இல்லயா? டீம்ல எல்லாரும் அந்த பேரத்தான் தேடுவாங்க.

பழைய ஹெச்ஆர்:
கிண்டி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆக்டிங் சாருக்கு வலிச்சது பேர் வந்ததால இல்ல, பேர் பக்கத்துல இருந்த வேலையால. அவர் செஞ்சத விட்டுட்டு இனிமே செய்யப் போற உதவிய மட்டும் எழுதினாங்க, அதுவும் அவர்கிட்ட சொல்லாம. "செப்டம்பர்ல இருந்து ரோஸ்டரும் எஸ்கலேஷனும் இவர் பாத்தார், இனிமேலும் எஸ்கலேஷன் இவர்தான் பாப்பார்"னு எழுதினா அது வேற. ஆனா அவர கேட்டுட்டுதான் போடணும். வேணாம்னு சொன்னா வேணாம்.

ஆக்டிங்:
இருக்கலாம் மேடம். ஆனாலும் அன்னிக்கு எந்த வார்த்தை போட்டிருந்தாலும் எனக்கு வலிச்சிருக்கும்னுதான் இன்னும் தோணுது.

ஹோசூர் பிளாண்ட்:
எப்ப அனுப்பணும்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலயே. வெள்ளிக்கிழமை அனுப்பவே அனுப்பாதீங்க. எங்க பிளாண்ட்ல வியாழக்கிழமை மெயில் போச்சு, போட்டோவோட, கஸ்டமருக்கும் காப்பி. திங்கட்கிழமை ஆள் வரல. பழைய கம்பெனி கவுண்டர் ஆஃபர் குடுத்து நிறுத்திடுச்சு. 90 நாள் நோட்டீஸ் இருக்குற ஊர்ல இது சகஜம், கடைசி நாள் வரைக்கும் மனசு மாறலாம். அப்புறம் "தவிர்க்க முடியாத காரணங்களால்"னு இன்னொரு மெயில். ஆள் வந்து ஐடி கார்டு வாங்கி சீட்ல உக்காந்த பிறகுதான் அனுப்பணும்.

பழைய ஹெச்ஆர்:
அண்ணா, பயம் புரியுது. ஆனா திங்கட்கிழமை வரைக்கும் ரகசியம் தாங்காது. லேப்டாப் கேட்டு ஐடிக்கு டிக்கெட் போயிருக்கும், கேபின் துடைச்சு வச்சிருப்பாங்க, யாரோ ஒருத்தர் காலண்டர்ல இன்வைட் பாத்திருப்பாங்க. மெயில் வர்றதுக்குள்ள வாட்ஸ்அப் குரூப்ல அவரோட ஜாதகமே வந்துடும். நான் பண்றது என்னன்னா, பழைய கம்பெனியில ரிலீவ் ஆயாச்சான்னு அவர்கிட்டயே போன்ல கேட்டு உறுதி பண்ணிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீமுக்கு மட்டும் ஹெட் வாயால சொல்வாங்க. மெயில் திங்கட்கிழமை காலைல. அவர் வரலன்னாலும் 14 பேர் கிட்ட பேசி சமாளிக்கலாம், கஸ்டமருக்கு போன மெயில திரும்ப வாங்க முடியாது.

ஹோசூர் பிளாண்ட்:
வாயால சொன்னாலும் சொன்னதுதானே மேடம், 14 பேருக்கு சொன்னா அது ஊருக்கே சொன்ன மாதிரி. நான் ஒத்துக்க மாட்டேன்.

கிண்டிக்காரன்:
லிஸ்டட் கம்பெனின்னா ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்கு சொன்ன பிறகுதான் உள்ள சொல்லணும்னு செபி ரூல் இருக்கே, அத மறந்துட்டீங்க.

பழைய ஹெச்ஆர்:
அது டைரக்டர், சிஎஃப்ஓ, கம்பெனி செக்ரட்டரி, சீனியர் மேனேஜ்மென்ட் அளவுல மாறும்போது. 14 பேர் டீம் மேனேஜருக்கு அது பொருந்தாது.

நைட்ஷிப்ட்:
எல்லாத்தையும் படிச்சிட்டு ஹெட் மேடம்கிட்ட பேசினேன், அவங்க இன்னிக்கு மதியம் லீட் அண்ணாவ கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினாங்க. வெளிய வந்து என்கிட்ட அவரே வந்தார், "நன்றின்னு போடாத, நான் என்ன பாத்தேன்னு மட்டும் போடு"ன்னார். எங்க மெயில் இங்கிலீஷ்ல போகும், சாரம் இது:

"வரும் திங்கட்கிழமை முதல் நம் டீமின் மேனேஜராக இவர் பொறுப்பேற்கிறார், எனக்கு ரிப்போர்ட் செய்வார், நீங்கள் அனைவரும் இவருக்கு. இதற்கு முன் இரண்டு ஊர்களில் உள்ள சப்போர்ட் டீம்களுக்கு ஒரே ஷிப்ட் ரோஸ்டர் அமைத்து நடத்தியவர். நமக்கு இரவு ஷிப்டில் ஆள் பற்றாக்குறை இருப்பதால்தான் இவரை அழைத்தோம். செப்டம்பர் முதல் ரோஸ்டரையும் எஸ்கலேஷனையும் நம் சீனியர் லீட் நடத்தினார். எஸ்கலேஷன் தொடர்ந்து அவர் பொறுப்பில் இருக்கும். ஒப்புதல் ஆன பொங்கல் லீவு மாறாது. முதல் இரண்டு வாரம் ரோஸ்டரில் எந்த மாற்றமும் இல்லை. அந்த வாரமே புதிய மேனேஜர் உங்கள் ஒவ்வொருவரையும் அரை மணி நேரம் சந்திப்பார், இரவு ஷிப்டில் இருப்பவர்களை இரவிலேயே."

மதுரவாயல்:
அந்த நைட் ஷிப்ட் வரி அருமை, அவர் ஒத்துக்கிட்டாரா?

நைட்ஷிப்ட்:
டிராப்ட அனுப்பினேன் ப்ரோ, அந்த வரிய சேத்ததே அவர்தான். அவரோட பழைய கம்பெனி பேர மட்டும் எடுக்கச் சொன்னார், அங்க இன்னும் சில பேருக்கு சொல்லலயாம்.

கிண்டிக்காரன்:
கம்பெனி பேர் இல்லாம ஒரு அறிமுகமா? பத்து நிமிஷத்துல லிங்க்ட்இன்ல பாத்துடுவாங்க.

பழைய ஹெச்ஆர்:
பாக்கட்டும், அவர் சொல்ற அன்னிக்கு அவர் வாயால வரட்டும். தம்பி ஒரு விஷயம், மார்ச் அப்ரைசல் ரேட்டிங் யார் போடறதுன்னு மேடம்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. ஏப்ரல்ல இருந்து உங்க வேலைய பாத்தது மூணு பேர் ஆகுது. முடிவாகலன்னா மெயில்ல எழுதாதீங்க, ஆனா திங்கட்கிழமை முதல் கேள்வி அதுவாத்தான் இருக்கும்.

நைட்ஷிப்ட்:
கேட்டேன். இன்னும் முடிவு பண்ணலையாம்.