நிராகரிப்பு மின்னஞ்சல்: ஒற்றுப்பிழையைத் திருத்தினால் போதுமா?

மண்டபம் இறால் கம்பெனி: கணக்கர் வேலைக்கு நேர்காணலுக்கு வந்த ஒரு தம்பிக்கு "இல்லை" என்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். வேறு ஆளை எடுத்துவிட்டோம். பிழை பார்த்துச் சொல்லுங்கள்:

"நேர்காணலில் கலந்து கொண்டதற்கு நன்றி. தற்போது உங்களை தேர்வு செய்ய இயலாத சூழ்நிலையில் உள்ளோம் என்பதை தாங்களுக்கு தெரிவித்து கொள்கிறோம். வாய்ப்பு வரும்போது கண்டிப்பாக அழைப்போம்."

கீழக்கரை வாசகர்: ஒற்றுகள் விட்டுப்போயிருக்கின்றன. உங்களைத் தேர்வு, என்பதைத், தெரிவித்துக் கொள்கிறோம், கலந்துக் கொண்டதற்கு. இவற்றைப் போட்டு அனுப்புங்கள். கருத்தில் கைவைப்பது பிழை பார்ப்பவர் வேலை இல்லை.

தொண்டி டீச்சர்: ஒற்றுகளில் கடைசியாகச் சொன்ன "கலந்துக் கொண்டதற்கு" தவறு ஐயா. "தெரிவித்து" என்பதில் து-வுக்கு முன் த் இருக்கிறது, அதனால் ஒற்று மிகும். "கலந்து" என்பதில் ந் இருக்கிறது, மிகாது. "வந்து போனான்" என்றுதானே எழுதுகிறோம்? இன்னொன்றை நீங்கள் கவனிக்கவில்லை: "தாங்களுக்கு" என்பது "தங்களுக்குத்" என்று வரவேண்டும். அதைவிட, மேலே "உங்களை" என்று இருப்பதால் இங்கேயும் "உங்களுக்கு" என்றே வைத்துவிடலாம்.

ஆனால் எனக்கு உறுத்துவது "தற்போது". ஆளை எடுத்தாயிற்று. இந்தச் சொல்லைப் படிக்கிற தம்பி இடம் இன்னும் காலியாக இருக்கிறது என்றுதான் நினைப்பார்.

பாம்பன் பட்டதாரி: எனக்கு இதுதான் நடந்தது. ஒரு கம்பெனியிலிருந்து "தற்போது இல்லை, கண்டிப்பாக அழைப்போம்" என்று வந்தது. அதை நம்பி ராமநாதபுரத்தில் கிடைத்த கடை வேலையை விட்டேன். யாரும் அழைக்கவில்லை. எனக்கு ஒற்று முக்கியமில்லை, உண்மையைச் சொன்னால் போதும்.

கீழக்கரை வாசகர்: கலந்து விஷயம் சரி, டீச்சர். ஆனால் "அழைப்போம்" என்பது மரியாதைக்கு எழுதுவது. அதையும் எடுத்தால் முகத்தில் அடித்தது போல இருக்கும்.

மண்டபம் இறால் கம்பெனி: மரியாதைக்கு மட்டும் எழுதவில்லை. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போனதும் கொள்முதல் கணக்குக்கு ஆள் எடுப்போம்.

தொண்டி டீச்சர்: அப்படியானால் அதையே எழுதுங்களேன். தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தேதி இருந்தால் அந்தத் தம்பி காத்திருப்பதா வேண்டாமா என்று தானே முடிவு செய்துகொள்வார்:

"நேர்காணலில் கலந்துகொண்டதற்கு நன்றி. கணக்கர் பணிக்கு வேறொருவரைத் தேர்வு செய்துவிட்டோம் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஜூன் 14க்குப் பிறகு கொள்முதல் கணக்குக்கு ஆள் எடுப்போம். விருப்பமிருந்தால் அப்போது விண்ணப்பியுங்கள்."

"விண்ணப்பியுங்கள்" என்பது அழைப்பு மட்டும். "கண்டிப்பாக அழைப்போம்" என்றால் அது வாக்கு.

பாம்பன் பட்டதாரி: ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரி வேண்டாமா?

மண்டபம் இறால் கம்பெனி: அவருக்கு டேலி தெரியாது. விளம்பரத்தில் டேலி கேட்டிருந்தோம்.

தொண்டி டீச்சர்: விளம்பரத்திலேயே கேட்டது என்றால் தாராளமாக எழுதலாம். ஜூனுக்குள் கற்றுக்கொள்வார்.

கீழக்கரை வாசகர்: காரணம் எழுதினால் "எனக்குத் தெரியுமே" என்று போன் வரும். சின்ன கம்பெனியில் அதற்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.