உதவி தேவை: நான் பயன்படுத்திய செயலியின் பெயர் பேராசிரியருக்கு எப்படித் தெரிந்தது?

நிலாமுற்றம்:
வணக்கம். நான் முதலாண்டு மாணவி. ஒப்படைத்த கட்டுரையைக் கல்லூரியின் மென்பொருளில் சோதித்ததில் 34% என்று வந்திருக்கிறது. அதைவிட அதிர்ச்சியான செய்தி, பேராசிரியர் தம் குறிப்பில் "சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், வந்து விளக்குங்கள்" என்று செயலியின் பெயரையே எழுதியிருப்பதுதான். அப்படியானால் அந்த மென்பொருள் என் உரையாடல்களைப் படிக்கிறது என்றுதானே பொருள்? விடுதியில் அனைவரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நேற்றிரவே எல்லா உரையாடல்களையும் அழித்துவிட்டேன். அது போதுமா, கணக்கையே மூட வேண்டுமா? நாளை மறுநாள் அவரைப் பார்க்க வேண்டும்.

கரிசல்காடு:
எந்த மென்பொருள்? 34 என்பது ஒப்புமை விழுக்காடா, ஏஐ விழுக்காடா? கட்டுரை எந்த மொழியில், எத்தனை சொற்களில் இருந்தது? கோப்பாக அனுப்பினீர்களா, கூகுள் டாக்ஸ் இணைப்பைப் பகிர்ந்தீர்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் செயலியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதை நீங்கள் சொல்லவே இல்லை.

பட்டறிவு:
கவலை வேண்டாம். மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் விலக்கிவிட்டு மீண்டும் சோதிக்கச் சொல்லுங்கள், விழுக்காடு பாதியாகக் குறையும். யுஜிசியின் 2018 விதிகளில் 10% வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. என் ஆய்வேட்டுக்கு முதலில் 41% வந்தது, இப்படித்தான் 9-க்குக் கொண்டுவந்தேன்.

மூத்தகுடி:
ஒவ்வொரு பருவத்திலும் இதே கேள்வியை யாராவது ஒருவர் கேட்கிறார். தேடிப் பார்க்கும் வழக்கம் முதலாண்டு மாணவர்களுக்கு எப்போது வருமோ தெரியவில்லை. உங்கள் உரையாடல் வேறொரு நிறுவனத்தின் கணினியில், உங்கள் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. கண்டறியும் மென்பொருளின் கைக்குக் கிடைப்பது நீங்கள் ஏற்றிய கோப்பு மட்டுமே. இதைப் புரிந்துகொள்ளக் கணினி அறிவியல் பட்டம் தேவையில்லை.

நிலாமுற்றம்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். டர்னிடின், ஏஐ விழுக்காடு. ஆங்கிலக் கட்டுரை, பொது விநியோகத் திட்டத்தைப் பற்றியது, சுமார் 1,150 சொற்கள், வேர்டு கோப்பு. கட்டுரையை நான்தான் எழுதினேன். சான்றுகளைத் தேடவும், இரண்டு பத்திகளின் இலக்கணத்தைத் திருத்தவும் மட்டுமே அதைப் பயன்படுத்தினேன்.

வலைவாசி:
மூத்தகுடி சொல்வது முழு உண்மையன்று. வேர்டு கோப்புக்குள் எழுதியவரின் பெயர், மொத்தத் திருத்த நேரம் எல்லாம் பதிவாகியிருக்கும். 1,150 சொற்கள் கொண்ட கோப்பில் திருத்த நேரம் 4 நிமிடம் என்று இருந்தால், வேறெங்கிருந்தோ ஒட்டியது என்று மென்பொருள் முடிவு கட்டிவிடும். 34% அப்படித்தான் வந்திருக்கும்.

கரிசல்காடு:
முதலில் பட்டறிவுக்கு: நீங்கள் சொல்வது பிறர் எழுதியவற்றோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் ஒப்புமை அறிக்கை, இவர் கேட்பது ஏஐ அறிக்கை.

வலைவாசி சொல்லும் திருத்த நேரம் கோப்பில் இருப்பது உண்மைதான், கோப்பைத் திறக்கும் ஆசிரியர் அதைப் பார்க்கவும் முடியும். ஆனால் ஏஐ விழுக்காடு அதிலிருந்து வருவதில்லை. மென்பொருள் உரைநடையைச் சில நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டி, அடுத்து எந்தச் சொல் வரும் என்பது எவ்வளவு எளிதில் ஊகிக்கத்தக்கதாக இருக்கிறது என்பது போன்ற நடைக்கூறுகளை வைத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மதிப்பிடுகிறது. 300 சொற்களுக்குக் குறைந்தால் அது மதிப்பிடுவதே இல்லை. கணக்கில் வந்த உரையில் சுமார் மூன்றில் ஒரு பகுதி ஏஐ நடையை ஒத்திருக்கிறது என்று அது கருதுகிறது, 34% என்பதன் பொருள் அவ்வளவே. நீங்கள் ஏமாற்றியதற்கு 34% வாய்ப்பு என்று அதைப் படிக்கக் கூடாது. 20-க்குக் குறைவாக வந்தால் எண்ணைக் காட்டாமல் `*%` என்று மட்டும் காட்டுவதற்குக் காரணம், அந்த அளவில் பிழை கூடுதல் என்று அவர்களே ஒப்புக்கொள்வதுதான்.

அந்த அறிக்கையில் செயலியின் பெயர் வருவதில்லை. ஏஐ எழுதியது, ஏஐ எழுதிப் பிறகு வேறு கருவியால் சொல் மாற்றப்பட்டது என்ற பிரிவுகள் உண்டு, அவ்வளவுதான். யாரோ அந்த இரண்டாம் பிரிவைப் பார்த்துவிட்டுத்தான் கருவியின் பெயரும் தெரியும் என்று விடுதியில் கதை கட்டியிருக்க வேண்டும்.

அப்படியானால் பெயர் எங்கிருந்து வந்தது? நீங்கள் சான்றுகளைத் தேடினேன் என்கிறீர்களே, அங்குதான் எனக்குச் சந்தேகம். நூற்பட்டியலில் உள்ள இணைப்புகளின் மீது சுட்டியை வைத்துப் பாருங்கள். கட்டுரையின் தலைப்பு மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தாலும், அடியில் முழு முகவரி இருக்கும். அதன் வால் இப்படி இருக்கிறதா?

```
https://example.org/pds-report?utm_source=chatgpt.com
```

அந்தச் செயலியில் காட்டப்படும் இணைப்பைச் சொடுக்கித் திறந்து முகவரியை நகலெடுத்தால், இந்த வாலும் பல நேரங்களில் கூடவே வந்துவிடும். வாசகர் எங்கிருந்து வந்தார் என்று அந்த இணையதளத்துக்குச் சொல்லும் அடையாளம் அது. நீங்களே ஒட்டியிருக்கிறீர்கள், பேராசிரியர் சொடுக்கிப் பார்த்திருக்கிறார்.

கரும்பலகை:
நான் கல்லூரியில் பாடம் நடத்துபவள், கரிசல்காடு சொல்வது சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஆண்டு மட்டும் மூன்று கட்டுரைகளில் அந்த வாலைப் பார்த்துவிட்டேன். ஆனால் தவறான நம்பிக்கை மாணவர்களிடம் மட்டும் இல்லை. எங்கள் துறையில் ஒருவர் கட்டுரையைச் சாட்ஜிபிடியிலேயே ஒட்டி, "இதை நீ எழுதினாயா?" என்று கேட்டு, அது ஆம் என்று சொன்னதைச் சான்றாக எடுத்துக்கொண்டார். 2023-இல் டெக்சாஸில் ஒரு விரிவுரையாளர் வகுப்பு முழுவதற்கும் இதைச் செய்து செய்தியானார். பிறருடைய உரையாடல்களைத் தேடிப் பார்த்து விடை சொல்லும் வழி அதற்குக் கிடையாது, கேட்ட கேள்விக்கு ஏற்ப ஒரு பதிலை அது எழுதித்தரும்.

மூத்தகுடி:
இதைத்தான் நானும் சொல்கிறேன், இந்தத் துறையே வெறும் பம்மாத்து. ஓப்பன்ஏஐ தானே உருவாக்கிய கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆசிரியர்கள் இதையெல்லாம் படிப்பதே இல்லை.

கரும்பலகை:
ஒரு கருவி தோற்றதால் எல்லாமே பம்மாத்து ஆகிவிடாது. விழுக்காட்டை வைத்து நான் யாரையும் தண்டிப்பதில்லை. குறித்துக் காட்டிய பத்தியை எடுத்துக்கொண்டு, "இதில் கடைசி வாக்கியத்துக்கு எந்தத் தரவு ஆதாரம்?" என்று கேட்பேன். எழுதியவருக்கு அது தெரிந்திருக்கும்.

மூத்தகுடி:
தயக்கத்தில் பேச முடியாத மாணவர் என்ன செய்வார்? ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய டோஃபெல் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை ஏழு கண்டறியும் கருவிகள் சராசரியாக ஏஐ என்று குறித்ததாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று 2023-இல் வந்ததே.

கரும்பலகை:
அந்த ஏழில் டர்னிடின் இல்லை. ஆனாலும் தயங்கும் மாணவரைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

வலைவாசி:
கல்லூரி மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கியிருந்தால் நிர்வாகம் உரையாடலைப் பார்க்க முடியாதா?

கரிசல்காடு:
கல்லூரியே வாங்கித் தந்த கணக்கு என்றால் நிர்வாகிக்கு என்னென்ன உரிமை என்பது அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அப்போதும் டர்னிடினுக்கு அதில் வேலை இல்லை.

நிலாமுற்றம், உங்கள் கணக்கை மூடாதீர்கள். உரையாடலை அழித்ததால் உங்களுக்குத்தான் இழப்பு. எந்த இரண்டு பத்திகளைக் கொடுத்தீர்கள், திருத்துவதற்கு முன் அவை எப்படி இருந்தன என்பதைக் காட்டக்கூடிய ஒரே சான்று அதில்தான் இருந்தது. இலக்கணத்தைத் திருத்தச் சொன்னால் அது வாக்கியங்களையே புதிதாக எழுதிவிடும், 34-இல் பெரும்பகுதி அங்கிருந்து வந்திருக்கலாம். பழைய வரைவு வேறு எங்காவது இருக்கிறதா?

நிலாமுற்றம்:
பார்த்துவிட்டேன். ஆறு இணைப்புகளில் இரண்டில் அந்த வால் இருக்கிறது. அழித்த உரையாடலைத் திரும்பப் பெற முடியவில்லை. முதல் வரைவின் மூன்று பக்கங்கள் நோட்டில் கைப்பட எழுதியது இருக்கிறது, அதை எடுத்துச் செல்கிறேன். இரண்டு பத்திகளைத் திருத்தியதையும் நானே சொல்லிவிடுவேன். நன்றி.

பட்டறிவு:
போகும்போது யுஜிசி விதியின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.