மூட்டைக்கு 50 ரூபா எடுத்த மனேஜருக்கு லேபர் கோடு இருக்கோ?

மில்லடி மைந்தன்:
எங்கட ஊர் அரிசி மில்லில ஜெனரல் மனேஜரை நிப்பாட்டிப்போட்டினம். ஆள் டிரெக்டரும்தான். காலபோக நெல்லு 12,000 மூட்டை தன்ர மச்சான்ர லொறியால வாங்கி, மூட்டைக்கு 50 ரூபா கொமிஷன் அடிச்சவர். இப்ப லேபர் கோட்டுக்குப் போறாராம், சிரிப்பு வருது. மனேஜர் டிரெக்டர்மாருக்கு லேபர் கோடே இல்லை, அது கூலியாக்களுக்கு மட்டும்தான். பெரியாளை எப்ப வேணுமெண்டாலும் துரத்தலாம், ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை. தெரியாமக் கதைக்கிறவைக்காக எழுதிறன்.

பழைய கிளாக்கர்:
தம்பி, தெரியாமக் கதைக்கிறது ஆரெண்டு கடைசியில பாப்பம். வவுனியாவில அப்புக்காத்துமாரோட 27 வருசம் பைல் தூக்கித் திரிஞ்சவன் நான். நீர் பாத்தது இந்தியாக்காரன்ர வீடியோ. அங்கதான் மனேஜர்மாரைத் தொழிலாளி எண்ட கணக்கில சேக்கிறேல்லை. எங்கட 1950ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தில எந்தத் தரத்திலயெண்டாலும் சம்பள ஒப்பந்தத்தில வேலை செய்யிறவன் தொழிலாளிதான். சாக்குத் தைக்கிறவனும் ஜெனரல் மனேஜரும் ஒரே படியால ஏறித்தான் தொழில் நியாய சபைக்குள்ள போகவேணும்.

பரந்தன் பெடியன்:
அப்பிடிப் போடுங்கோ கிளாக்கர் ஐயா. அதோட இன்னொண்டு, அந்த 50 ரூபாவால கொம்பனிக்கு என்ன நட்டம்? நெல்லு சந்தை விலைக்குத்தான் வாங்கினது. மச்சான் தன்ர லாபத்தில இருந்து குடுத்த 50 ரூபா. கொம்பனிக்கு நட்டம் இல்லையெண்டால் களவும் இல்லை. முடிஞ்சுது கதை.

பழைய கிளாக்கர்:
முடியேல்லை. லேபர் கோடு இருக்கெண்ட பாதி சரி, களவில்லை எண்ட பாதி பிழை. ஆள் ரெண்டு தொப்பி போட்டிருந்தவர். ஒண்டு சம்பளக்கார மனேஜர், மற்றது டிரெக்டர். டிரெக்டர் தொப்பிக்கு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டம் இருக்கு. 187ஆம் பிரிவு, கொம்பனியின்ர நலனுக்காக நேர்மையா நடக்கவேணும் எண்டு. 192ஆம் பிரிவு, தனக்கு ஒரு கொடுக்கல் வாங்கலில தொடர்பு இருக்கெண்டால் அதை போர்ட்டுக்குச் சொல்லி அதுக்கெண்டு வைக்கிற பதிவேட்டில எழுதுவிக்கவேணும் எண்டு. மச்சான்ர லொறியில தனக்குப் பங்கு வருதெண்டு எழுதுவிச்சவரோ? இல்லை. நட்டம் வந்ததோ இல்லையோ எண்டது அங்க கேள்வியே இல்லை. ஒளிச்சு எடுத்தது கொம்பனியின்ர காசு, 12,000 தரம் 50, ஆறு லட்சம், திருப்பி வைக்கவேணும்.

பரந்தன் பெடியன்:
அதென்ன நியாயம், கொம்பனிக்கு வந்திருக்கவே மாட்டாத காசை கொம்பனிக்குக் குடு எண்டு? நட்டம் எங்க? நட்டத்தைக் காட்டுங்கோ.

பழைய கிளாக்கர்:
காட்டிறன். 1888, இங்கிலாந்து, ஒரு ஆழ்கடல் மீன்பிடிக் கொம்பனி. அதின்ர மனேஜிங் டிரெக்டர் அன்செல் எண்டு ஒருத்தர். கப்பல் கட்டிறவனிட்ட ஒளிச்சுக் கொமிஷன். அதுக்கு மேல, தனக்குப் பங்கு இருந்த ஐஸ் கொம்பனியிட்ட மீன்பிடிக் கொம்பனிக்கு ஐஸ் வாங்குவிச்சு, பங்குக்காரருக்குக் குடுக்கிற போனஸையும் எடுத்தவர். மீன்பிடிக் கொம்பனிக்கு அந்த ஐஸ் கொம்பனியில பங்கில்லை, அதால அந்தப் போனஸ் அவைக்கு ஒருநாளும் வந்திராது. எண்டாலும் கோடு சொன்னது திருப்பிக் குடு எண்டுதான். உம்மட கேள்வியை அவர் 130 வருசத்துக்கு முதலே கேட்டுத் தோத்திட்டார். இன்னொரு விசயம், ஆளை நிப்பாட்டேக்க அந்தக் கொமிஷன் கதை கொம்பனிக்குத் தெரியாது, பேந்துதான் பிடிபட்டது. அது தெரியவந்த உடன நிப்பாட்டினது சரியெண்டு போச்சு.

பரந்தன் பெடியன்:
1888இல வெள்ளைக்காரன் ஐஸ் வாங்கின கதையை வச்சு முல்லைத்தீவு றோட்டில நெல்லு வாங்கினவனைத் தூக்கிறியள், நல்லாயிருக்கு ஐயா. எங்கட ஆக்களுக்கு வெள்ளைக்காரன் சொன்னாத்தான் வேதம்.

மாங்குளம் அக்கா:
நீங்கள் எல்லாரும் பெரியாக்களின்ர கதைதானே கதைக்கிறியள். நான் ஒரு தையல் பக்டரியில நாலு வருசம் இருந்தன், சம்பளத்தில ஈ.பி.எப் வெட்டினவை, ஆனா போய்ப் பாத்தா கடைசி 14 மாசம் கட்டவேயில்லை. அது களவில்லையோ? எங்கட மனேஜர் 50 ரூபா எடுத்தவரோ 500 எடுத்தவரோ எனக்குத் தெரியாது, அவருக்கு மட்டும் ஒழுங்காக் கட்டினவையாம்.

பழைய கிளாக்கர்:
தங்கச்சி, அது வேற கதை. உம்மட 8 வீதமும் அவை போடவேண்டிய 12 வீதமும் சேத்துக் கட்டவேணும். சம்பளத் துண்டுகளைக் கொண்டுபோய் லேபர் கந்தோரில முறைப்பாடு குடும், அவை வழக்கு வைப்பினம். இப்ப மில்லுக்கு வருவம்.

மாங்குளம் அக்கா:
ஓ, எங்கட கதை எண்டால் ரெண்டு வரி, மனேஜர்ர கதை எண்டால் பாரதம்.

மில்லடி மைந்தன்:
சரி, லேபர் கோடு இருக்கெண்டே வைப்பம். மாசம் 180,000 சம்பளம் எடுத்தவனுக்கும் ஸ்டோரில நிண்ட பெடியனுக்கும் ஒரே சட்டமோ? அந்த ஸ்டோர்ப் பெடியனுக்கும் 50 ரூபா விசயம் தெரியும், வாய் திறக்கேல்லை. அவனையும் துரத்தவேணுமே?

பழைய கிளாக்கர்:
இப்பத்தான் உருப்படியாக் கேட்டீர். அங்கதான் வித்தியாசம். ஸ்டோர்ப் பெடியன் தான் களவெடுத்தால் போவான், ஆனா மேலதிகாரியின்ர குற்றத்தைப் போய்ச் சொல்லவேணும் எண்டது பொதுவா அவன்ர கடமையில வாறேல்லை, அவன்ர வேலை சாக்கு எண்ணுறது. டிரெக்டர் அப்பிடியில்லை. கொம்பனிக்குத் தெரியவேண்டியதைத் தெரிஞ்சுகொண்டு வாயை மூடியிருக்கிறதே அவருக்குக் குற்றம், தான் செய்த பிழையையும் தானே சொல்லவேணும் எண்டு இங்கிலாந்துக் கோடுகள் பேந்து சொல்லியிருக்கு. நம்பிக்கையைக் கையில குடுத்த இடத்தில அளவு கூட.

ஆனா மில்லுக்காரரும் பெரிய கெட்டிக்காரர் இல்லை. கடிதத்தை நான் பாத்தனான், பங்குதாரர் ஒருத்தர் காட்டினவர். ஒரே கடிதத்தில "டிரெக்டர் பதவியில இருந்தும் வேலையில இருந்தும் நீக்கப்பட்டுள்ளீர்" எண்டு எழுதியிருக்கினம். டிரெக்டர் பதவியைப் பங்குதாரர் கூட்டம் கூட்டி சாதாரண தீர்மானத்தால எடுக்கலாம், 206ஆம் பிரிவு, அதுக்குத் தொழில் ஆணையாளரைக் கேக்கத் தேவையில்லை. சும்மா கூட்டத்துக்கு மட்டும் வந்து போற டிரெக்டர் எண்டால் கதை அதோட முடிஞ்சுது. ஆனா இவர் 9 வருசம் சம்பளக்காரர். அந்த வேலை, கூட்டத்தில கை உயத்தினதால போகாது. 22 பேர் வேலை செய்யிற மில்லு, 15 பேருக்குக் குறையாதபடியா 1971ஆம் ஆண்டு வேலை முடிவுறுத்தல் சட்டம் வரும். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிப்பாட்டினா ஆணையாளரிட்ட அனுமதி தேவையில்லை, ஆனா காரணத்தை எழுத்தில ரெண்டாவது வேலைநாள் முடியமுதல் குடுக்கவேணும். இவை காரணம் எழுதின கடிதம் குடுத்தது 11 நாளைக்குப் பிறகு. விசாரணையும் ஒழுங்காச் செய்யேல்லை. அதைத்தான் அவர்ர அப்புக்காத்து பிடிக்கப்போறார்.

கூட்டுறவு மாமா:
கிளாக்கர் தம்பி கடிதம் எல்லாம் பாத்திருக்கிறார். அந்தக் காலத்தில எங்கட சங்கத்தில உரம் வந்த கணக்குப் புத்தகத்தையும் இப்பிடித்தான் பாத்தவர், பேந்து புத்தகத்தைக் காணேல்லை.

பழைய கிளாக்கர்:
மாமா, உரக் கணக்கை இஞ்ச இழுக்கிறதெண்டால் முழுசா இழுப்பம். சாவி ஆற்ற கையில இருந்தது? அதையும் எழுதுங்கோவன்.

பரந்தன் பெடியன்:
உரத்தை விடுங்கோ. நட்டம் இல்லை எண்டதுக்கு இன்னும் பதில் இல்லை. பணிக்கொடைச் சட்டத்தில என்ன இருக்கு? மோசடி செய்து நிப்பாட்டினாலும் வந்த நட்டத்தின்ர அளவுக்குத்தான் வெட்டலாம். நானும் வாசிச்சனான். மாசம் 180,000, பாதி 90,000, 9 வருசம், 810,000 ரூபா. நட்டம் பூச்சியம் எண்டால் வெட்டு பூச்சியம். 810,000ஐயும் 30 நாளுக்குள்ள வைக்கவேணும். இப்ப சொல்லுங்கோ ஐயா, 50 ரூபாவில நட்டம் எங்க?

பழைய கிளாக்கர்:
இந்த இடத்தில உமக்கு அரைப் புள்ளி போடலாம். 1983ஆம் ஆண்டின்ர சட்டம் அப்பிடித்தான் சொல்லுது, நட்டத்தின்ர அளவுக்கு. கம்பனிச் சட்டப் பக்கத்தில லாபத்தைப் பாக்கிறது, பணிக்கொடைப் பக்கத்தில நட்டத்தைப் பாக்கிறது. ஆறு லட்சத்தைக் கொம்பனி வேற வழக்கில கேக்கவேணும், பணிக்கொடையில தானா வெட்டிப்போட்டு மிச்சத்தை நீட்டேலாது எண்டு அவர்ர பக்கம் வாதாடும். மில்லுப் பக்கம், அந்த 50 ரூபாவைக் கழிச்சு நெல்லு விலையைக் குறைச்சிருக்கலாம், குறைக்காததுதான் நட்டம் எண்டு சொல்லும். அதுக்கு மச்சான் மற்ற மில்லுகளுக்கு என்ன விலைக்குக் குடுத்தவர் எண்ட பில்லு வேணும். ஒருத்தரும் இன்னும் தேடேல்லை.

பரந்தன் பெடியன்:
அப்ப நட்டத்துக்கு ஆதாரம் இல்லை எண்டு ஒப்புக்கொள்ளுறியள்.

பழைய கிளாக்கர்:
பில்லைத் தேடேல்லை எண்டு சொன்னனான். ஒப்புக்கொண்டதெண்டு எங்க எழுதினனான்? வாசிக்கத் தெரியாட்டி நான் என்ன செய்ய.

மில்லடி மைந்தன்:
நான் சொன்னது சரிதானே பாருங்கோ, டிரெக்டரைத் துரத்தலாம் எண்டு கிளாக்கரே சொல்லிப்போட்டார். இதைத்தான் நான் முதலே எழுதினனான்.

பழைய கிளாக்கர்:
நீர் எழுதினது லேபர் கோடே இல்லை, ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை எண்டு. மேல போய் உம்மட எழுத்தை நீரே வாசியும்.

மில்லடி மைந்தன்:
வெளியில இருந்து வந்த மனேஜருக்கு எங்கட ஊர்ப் பழைய கிளாக்கரே வக்காலத்து. வன்னியில படிச்ச பெடியள் இல்லையெண்டோ அங்காலப் பக்கத்தில இருந்து ஆக்களைக் கொண்டந்தவை?

பரந்தன் பெடியன்:
ஆ, இப்பத்தான் உண்மைக் காரணம் வெளிய வருது. 50 ரூபா இல்லை, அந்தக் கதிரை.

மில்லடி மைந்தன்:
உமக்கென்ன கோவம், உங்கட வீட்டு நெல்லும் அந்த லொறியில ஏறினதோ?

பரந்தன் பெடியன்:
ஏறினது. 40 மூட்டை. சந்தை விலை தந்தவை, சதம் குறையேல்லை. அதைத்தானே விடியத் தொடங்கிச் சொல்லுறன், நட்டம் இல்லை எண்டு.

பழைய கிளாக்கர்:
தம்பி, உமக்கு நட்டமில்லை எண்டதும் கொம்பனிக்கு நட்டமில்லை எண்டதும் ஒண்டோ? அந்த 40 மூட்டையின்ர பில்லு கிடந்தால் எடுத்து வையும், தேவைப்படும்.

பரந்தன் பெடியன்:
ஆருக்குத் தேவை? உங்களுக்கோ மில்லுக்காரருக்கோ? நீங்கள் அவையின்ர ஆள் எண்டு கடிதம் பாத்தனான் எண்டு சொல்லேக்கயே விளங்கினது.

கூட்டுறவு மாமா:
சாவி செக்ரட்டரியின்ர கையில இருந்தது. இப்ப சொல்லட்டோ செக்ரட்டரி ஆர் எண்டு?