புதுப்பிப்பு: ஸ்கேன் செய்த கோயில் நோட்டீஸில் தேதி மாற்றியது

முன்பு நான் கேட்டது: "போன வருஷ நோட்டீஸ் ஸ்கேன்ல தேதிய மட்டும் மாத்தணும். காகிதக் கறையும் லேசான சாய்வும் அப்படியே இருக்கணும். எப்படி?"

வேலை முடிந்தது, நன்றி. சுங்கை சிப்புட் தோட்டக் கோயில் நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது.

கைகொடுத்தது அச்சக அண்ணன் சொன்ன வழி: பக்கத்தை நிமிர்த்தாதே, எழுத்தைச் சாய். GIMP என்ற படத் திருத்த மென்பொருளில் Measure கருவியைப் பழைய வரியின் அடியில் இழுத்தேன், 1.3 பாகை. அதே வரியின் வெற்றுக் காகிதத்தை Clone செய்து தேதியை மூடினேன். தம்பி சொன்ன Heal கருவி நடுவில் அழகாக வந்தது, பக்கத்து எழுத்தைத் தொட்டதும் கறுப்பு கசிந்தது. புது எழுத்துக்குப் பழைய மையின் கரும்பழுப்பையே எடுத்து, அதே பாகை சாய்த்து, Multiply கலப்பு முறையில் வைத்ததும் காகித இழை அதனூடே தெரிந்தது.

எதிர்பாராதது: எழுத்து மட்டும் கூர்மையாகத் துருத்தியது. 0.7 பிக்சல் Gaussian Blur கொடுத்ததும் அடங்கியது.

மடிப்பில் வரி வளைவது மட்டும் இன்னும் சரியாகவில்லை.