ஸ்லைடில் பார்த்த ஆய்வுத்தாளைத் தேடியெடுத்துப் படித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

இரண்டாமாண்டு

அந்த ஸ்லைடை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் பேனா, மறுபக்கம் லேப்டாப், நடுவில் "கையால் எழுதியதே நினைவில் நிற்கும்", அடியில் பொடி எழுத்தில் முல்லர், ஓப்பன்ஹைமர், 2014. எங்கள் பேராசிரியர் அதைக் காட்டிய கையோடு, இனி வகுப்பில் லேப்டாப் கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கு உறுத்தலாகவே இருந்தது. தாளை எடுத்துப் படித்தேன்.

சுருக்கத்திலேயே ஒரு நெருடல். லேப்டாப்காரர்கள் பின்தங்கியது "கருத்துக் கேள்விகளில்" என்று அங்கே இருந்தது. ஸ்லைடில் அந்தச் சொல் கிடையாது. செய்முறைப் பகுதிக்குப் போனேன். முதல் சோதனையில் 67 மாணவர்கள். கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் டெட் உரை ஒன்றைக் காட்டிக் குறிப்பெடுக்கச் சொல்கிறார்கள். லேப்டாப்பில் இணையம் கிடையாது. அரை மணி நேரம் கழித்துத் தேர்வு. கேள்விகள் இரண்டு வகை. சிந்துவெளி நாகரிகம் ஏறத்தாழ எத்தனை ஆண்டுகளுக்கு முன் இருந்தது என்பது தகவல் கேள்வி. சமத்துவத்தை ஜப்பானும் சுவீடனும் அணுகும் விதத்தில் என்ன வேறுபாடு என்பது கருத்துக் கேள்வி.

பிறகு முடிவுகளில் வரைபடம். தகவல் கேள்விக்கான இரண்டு கம்பிகளுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை என்று அதை ஒட்டிய பத்தியே சொல்கிறது. கருத்துக் கேள்வியில்தான் வேறுபாடு. அதாவது நினைவில் நின்றதா என்று நேராகச் சோதிக்கும் கேள்வியில் பேனாவும் லேப்டாப்பும் சமம்! ஸ்லைடு பேசியதோ அந்த நினைவைப் பற்றித்தான். இதைக் கண்டபிறகு மேற்கொண்டு படிக்கவே ஓடவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. கம்பிகள் பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக நிற்கின்றன. தேர்வில் மைனஸ் மதிப்பெண்ணா வாங்கினார்கள்?

பேனாப்பிரியன்

கையால் எழுதுவதற்கு ஈடே இல்லை, சந்தேகமே வேண்டாம். நான் எப்போதும் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் குறிப்பு. அன்று இரவே வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும். கோடு போட்ட தாளைவிட வெற்றுத்தாள் நல்லது, படம் வரைய இடம் கிடைக்கும். நீல மையில் எழுதி, பின்னால் சேர்ப்பதைக் கறுப்பில் எழுதுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் கறுப்பு வரிகளை மட்டும் பார்த்தால் போதும்.

இரண்டாமாண்டு

நன்றி, ஆனால் எப்படிக் குறிப்பெடுப்பது என்று நான் கேட்கவில்லையே.

ஒருவரி_விமர்சகன்

67 பேரா? அத்தோடு மூடி வைத்திருக்கலாம். ஐந்து வெவ்வேறு உரைகள் வேறு, ஆளுக்கு ஒன்றுதான் காட்டினார்கள். கணக்குப் போட்டால் ஓர் உரைக்குப் பதின்மூன்று பேர் தேறுவார்கள். இதையெல்லாம் வைத்து எதுவும் சொல்ல முடியாது. தூக்கிப் போடுங்கள். நான் எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் ஆள் எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன். நூறுக்குக் கீழே என்றால் படிப்பதே இல்லை.

கணக்குப்பிள்ளை

விமர்சகன் பாதிதான் சரி. நூறு என்ற எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது? வேறுபாடு பெரிதாக இருந்தால் முப்பது பேரிலும் தெரியும், சிறிதாக இருந்தால் முன்னூறு பேரும் போதாது. ஆகவே எண்ணிக்கையைத் தனியாகப் பார்க்காமல் வேறுபாட்டின் அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாமாண்டு கேட்ட மைனஸ் விஷயத்திலிருந்தே தொடங்கலாம். அது மதிப்பெண் இல்லை. ஐந்து உரைகளுக்கும் கேள்விகள் வேறு வேறு, ஒன்று கடினம், ஒன்று எளிது. அப்படியே கூட்ட முடியாது. அதனால் சராசரியைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று மாற்றிக்கொண்டார்கள். மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி வழக்கமாக எவ்வளவு சிதறுகின்றனவோ, அது ஓர் அலகு. கருத்துக் கேள்விகளில் பேனாக்காரர்கள் சுமார் 0.15 மேலே, லேப்டாப்காரர்கள் சுமார் 0.15 கீழே. இடைவெளி 0.3.

வரைபடத்தில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் போலத் தெரியும், ஏனென்றால் அச்சு அந்தச் சிறு எல்லைக்குள்தான் வரையப்பட்டிருக்கிறது. 0.3-ஐ இப்படிப் பாருங்கள்: பேனாக் குழுவில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரையும், லேப்டாப் குழுவில் ஒருவரையும் எடுத்தால், நூற்றில் ஏறத்தாழ 58 தடவை பேனாக்காரர் முந்தியிருப்பார். மீதி 42 தடவை லேப்டாப்காரர். இதைப் பெரிது என்பீர்களா, சிறிது என்பீர்களா என்பது உங்கள் பாடு. ஆனால் "லேப்டாப் வைத்திருந்தால் பின்தங்குவாய்" என்று ஒரு மாணவனிடம் சொல்ல இது போதாது.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். பக்கத்துக்கு முப்பத்து மூன்று பேர் என்றால், உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலாகவே கால் அலகு இப்படியும் அப்படியும் ஆடும். கண்ட வேறுபாடோ 0.3. ஆகவே இதே சோதனையை இன்னொருவர் செய்தால் அரை அலகு வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். தாள் பொய் என்று இதற்குப் பொருளில்லை. முதல் சோதனை ஒன்றையே நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

விமர்சகன் தாளை அங்கேயே மூடச் சொல்கிறார், இரண்டாமாண்டும் அங்கேயே நிறுத்திவிட்டார். இருவருக்கும் சொல்கிறேன்: தாளில் இன்னும் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. சுவாரசியமே அங்கேதான்.

கூம்பு_தேடியவள்

என் கதை வேறு தாள், ஆனால் இதே எரிச்சல். ஆசிரியர் பயிற்சியில் ஒரு கூம்பு காட்டுவார்கள்: படித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20 சதவீதம் நினைவிருக்கும், செய்து பார்த்ததில் 90 என்று. கீழே எட்கர் டேல், 1946. செய்முறையைப் பார்க்கலாமே என்று புத்தகத்தைத் தேடிப்போனேன். கூம்பு இருக்கிறது. எண்களே இல்லை! ஒரே ஒரு சதவீதம்கூட இல்லை. யாரோ பிற்பாடு ஏற்றி, அவர் பெயரிலேயே எழுதிவிட்டார்கள்.

உங்கள் தாளிலாவது செய்முறை, முடிவு என்று பகுதி பகுதியாகப் பார்க்க ஏதோ இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. பயிற்சியாளரிடம் காட்டியபோது "கருத்து சரிதானே அம்மா" என்றார். எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கருத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பதில் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஒருவரி_விமர்சகன்

இதைத்தான் நானும் சொல்கிறேன், எல்லாமே இப்படித்தான்.

கூம்பு_தேடியவள்

இல்லை, நான் அதைச் சொல்லவில்லை. எண்ணே இல்லாத புத்தகமும், எண் இருந்து ஸ்லைடு அதைத் தவறாகச் சொன்ன தாளும் ஒன்றாகுமா?

இரண்டாமாண்டு

மற்ற இரண்டு சோதனைகளையும் படித்துவிட்டேன், கணக்குப்பிள்ளை அவர்களே. இரண்டாவதில் 151 பேர். லேப்டாப்பில் எழுதுபவர்கள் பேச்சாளர் சொல்வதை வார்த்தைக்கு வார்த்தை தட்டிக்கொண்டே போகிறார்கள், யோசிப்பதில்லை, அதனால்தான் பின்தங்குகிறார்கள் என்பது இவர்களின் விளக்கம். முதல் சோதனையிலேயே லேப்டாப் குறிப்பு சராசரியாக 310 சொல், கைக்குறிப்பு 173 சொல். அதனால் இந்தத் தடவை ஒரு லேப்டாப் குழுவிடம் மட்டும் "அப்படியே எழுதாதீர்கள், உங்கள் சொல்லில் எழுதுங்கள்" என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். சொல்லியும் பயனில்லை! உரையோடு ஒத்துப்போகும் சொற்றொடர்கள் இரண்டு லேப்டாப் குழுக்களிலும் ஏறக்குறைய 12 சதவீதம்தான். மதிப்பெண்ணில் எச்சரிக்கப்பட்ட குழு நடுவில் நிற்கிறது. மற்ற இரண்டு குழுக்களில் எதிலிருந்தும் அதைத் தெளிவாகப் பிரிக்க முடியவில்லை.

அப்படியானால் அந்த விளக்கம் நிரூபிக்கப்பட்டதா, இல்லையா?

மூன்றாவதில் என் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்துத் தேர்வு. பாதிப் பேருக்கு மட்டும், தேர்வுக்கு முன் தங்கள் குறிப்பைப் பத்து நிமிடம் படிக்க அனுமதி. படிக்காதவர்களில் பேனாவுக்கும் லேப்டாப்புக்கும் வேறுபாடு இல்லை. படித்தவர்களில் பேனாக்காரர்கள் முந்திவிட்டார்கள். ஆக, குறிப்பைத் திரும்பப் படித்தால் ஸ்லைடு சொன்னது கொஞ்சம் உண்மையாகிறது.

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. நிரூபிக்கப்படவில்லை என்பேன். விளக்கத்தைச் சோதிக்க வேண்டுமானால், அப்படியே தட்டுவதைக் குறைத்துவிட்டு மதிப்பெண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே தட்டுவது குறையவே இல்லை, அதனால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். தாளின் இறுதியில் வரும் விவாதப் பகுதியைப் படிக்கும்போது இது கையில் இருக்கட்டும். ஆசிரியர்கள் தாங்கள் கண்டதைச் சொல்லும் வரி எது, ஏன் அப்படி என்று ஊகிக்கும் வரி எது என்று அங்கே பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்லைடு போடுபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை வரியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

தாளுக்கு வெளியேயும் ஒரு வேலை இருக்கிறது. தேடுபொறியில் அந்தத் தலைப்புக்குக் கீழே `Cited by` என்று வரும், அதற்குள் நுழைந்து மறுசோதனைகளைத் தேடுங்கள். 2019இல் மோர்ஹெட் குழு செய்ததில் குழுக்களுக்கிடையே நிலையான வேறுபாடு வரவில்லை. ஒரு சோதனையில் குறிப்பே எடுக்காத குழுவும் இருந்தது, அவர்களும் பின்தங்கவில்லை. 2021இல் அர்ரி குழு முதல் சோதனையை 142 பேரிடம் அப்படியே திரும்பச் செய்தது. லேப்டாப்காரர்கள் அதிகம் எழுதினார்கள், வார்த்தைக்கு வார்த்தை எழுதினார்கள், அதெல்லாம் முன்போலவே. மதிப்பெண் வேறுபாடு மட்டும் வரவில்லை.

ஒருவரி_விமர்சகன்

பார்த்தீர்களா, நான் அப்போதே தூக்கிப் போடச் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை

தூக்கிப் போட்டிருந்தால் மூன்றாவது சோதனை தெரிந்திருக்காது. அர்ரி குழு திரும்பச் செய்தது முதல் சோதனையைத்தான். ஒரு வாரம் கழித்துக் குறிப்பைப் படித்துவிட்டுத் தேர்வெழுதும் நிலைமைக்கு அந்த முடிவை நீட்ட முடியாது. உண்மையில் மாணவர்கள் செய்வது அதுதானே? யாரும் வகுப்பு முடிந்த அரை மணியில் பரீட்சை எழுதுவதில்லை.

பேனாப்பிரியன்

அப்படியானால் நான் சொன்னதுதான் வந்து சேர்கிறது, கையால் எழுதி இரவே படிக்க வேண்டும்.

இரண்டாமாண்டு

உங்களுக்கு அது ஒத்துவரலாம். என் சிக்கல் அந்த ஸ்லைடு. நேற்று பேராசிரியரிடம் போனேன். நினைவு என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்று உடனே ஒப்புக்கொண்டார். லேப்டாப் தடையை எடுக்கமாட்டாராம், ஏனென்றால் வகுப்பில் எல்லாரும் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அது நியாயமான காரணமாகவே இருக்கலாம், ஆனால் இந்தத் தாள் அதற்குச் சாட்சி இல்லையே, இதில் இணையத்தையே துண்டித்துவிட்டார்கள் என்றேன். "அப்படியானால் அதற்குச் சாட்சியாக ஒரு தாளை நீயே கொண்டு வா" என்று சொல்லிவிட்டார்.

யாரிடமாவது இருந்தால் தலைப்பைப் போடுங்கள். செய்முறைப் பகுதியை முதலில் படித்துவிட்டுத்தான் கொண்டுபோவேன்.