புதுப்பிப்பு: இருவரும் சம்மதித்தும் ஷிப்ட் மாற்றம் மறுக்கப்பட்டது

நான் கேட்டிருந்தது: "புதன் காலை ஷிப்டைக் கொடுத்துவிட்டு சக ஊழியரின் மாலை ஷிப்டை எடுக்கிறேன். இருவருக்கும் சம்மதம். சூப்பர்வைசர் ஏன் மறுக்கிறார்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மாற்றம் நடந்துவிட்டது.

சக ஊழியருக்குச் செவ்வாய் விடுமுறை, அதனால் அவர் பக்கம் சிக்கலில்லை என்று ஒருவர் சொன்னது சரிதான். ஆனால் இடித்தது என் பக்கம். புதன் இரவு 10 மணிக்கு முடித்து வியாழன் காலை 6 மணிக்கு வந்தால் இடைவெளி 8 மணி நேரம்தான். எங்கள் விதி 11 கேட்கிறது. ஷிப்ட் அட்டவணை போடும் நண்பர் சொன்ன வழிதான் பலித்தது: வியாழனையும் சேர்த்து மாற்றுங்கள். வெள்ளி எனக்கு ஓய்வு நாள். சக ஊழியருக்கு வியாழன் மதியம் 2 மணிக்கு முடிந்தால் அடுத்த ஷிப்ட் வெள்ளி 2 மணிக்கு. இரண்டு நாளையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம், அன்றே ஒப்புதல் வந்தது.

எதிர்பாராதது ஒன்று. புதன் இரவு பொறுப்பை ஒப்படைத்துக் கிளம்ப 10:40 ஆகிவிட்டது. ஓய்வு அட்டவணை நேரத்திலிருந்து அல்ல, கிளம்பிய நேரத்திலிருந்துதான் கணக்காம். வியாழன் காலை 9 மணிக்குப் பயிற்சி வேறு இருந்தது. 10 மணி 20 நிமிடம்தான் வருகிறது என்று சூப்பர்வைசரே வரவேண்டாம் என்றார். அந்தப் பயிற்சியை யார் நேரத்தில் ஈடுகட்டுவது என்பது இன்னும் இழுபறிதான்.