ரிஃபாக்சிமின் முடித்து மூன்றே மாதத்தில் வயிறு உப்பசம் திரும்பிவிட்டது: மறுபடி அதே மாத்திரையா?

மழைக்குருவி:
சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வயிறு பந்து போல உப்பிவிடும், தினம் மூன்று நான்கு முறை இளக்கமாகப் போகும். லாக்டுலோஸ் குடித்து மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். ஹைட்ரஜன் தொடக்கத்தில் 4 பி.பி.எம்; 40ஆம் நிமிடம் 6, 60இல் 9, 80இல் 31, 100இல் 58. மீத்தேன் கடைசி வரை 2ஐத் தாண்டவில்லை. 90 நிமிடத்துக்குள் 20 கூடினால் சிபோ, அதாவது சிறுகுடலில் கிருமி பெருகிவிட்டது என்று சொல்லி, கிருமியைக் கொல்லும் ரிஃபாக்சிமின் 550 மி.கி. தினம் மூன்று வேளை, 14 நாள் கொடுத்தார்கள். அருமையாக இருந்தது. இப்போது பழைய கதை. மறுபடி அதையே எடுக்கலாமா?

ஓலைச்சுவடி:
எனக்கும் இதேதான்! ஆனால் எனக்கு மலச்சிக்கல். மீத்தேன் 38 வந்தது. ரிஃபாக்சிமினோடு நியோமைசினும் கொடுத்தார்கள். நீங்களும் அதைக் கேளுங்கள்.

தாழம்பூ:
ஓலைச்சுவடி, உங்களுடையது வேறு. மீத்தேனை உண்டாக்குவது பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற வேறு இனம். அதனால்தான் இரண்டாவது மருந்து. கேட்டவருக்கு மீத்தேனே இல்லையே.

மழைக்குருவி, மூச்சுப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் எண்கள் எனக்கு உறுத்துகின்றன. லாக்டுலோஸை நம் உடல் உறிஞ்சாது. அது பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லோருக்கும் ஹைட்ரஜன் ஏறும்; ஏறத்தான் வேண்டும். கேள்வி, ஏறிய நேரத்தில் அது எங்கே இருந்தது என்பதுதான். 60 வரை தூங்கிக்கொண்டிருந்துவிட்டு 80இல் துள்ளி எழுவது, பெருங்குடலின் வாசலைத் தொட்ட மாதிரியும் இருக்கலாம். வயிறு இளக்கமாகப் போகிறவர்களுக்கு அது சீக்கிரமே அங்கே போய்விடும், போதாததற்கு லாக்டுலோஸே குடலை விரட்டுகிற சரக்கு. ஸ்கேனில் தெரியும் பொருளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவர்களுக்கு வாயு ஏறியது அது பெருங்குடலைத் தொட்ட பிறகுதான்.

மழைக்குருவி:
அப்படியானால் மாத்திரை எப்படிக் கேட்டது அக்கா?

தாழம்பூ:
அதையும் ஆதாரமாக எடுக்க முடியாது. சிபோ இருக்கிறதா என்று பார்க்காமலேயே, மலச்சிக்கல் இல்லாத ஐ.பி.எஸ். என்ற குடல் எரிச்சல் நோய்க்காரர்களுக்கும் இதே மருந்து கொடுக்கிறார்கள், அதில் சிலருக்குக் குணம் தெரிகிறது.

கூழாங்கல்:
அப்படியானால் குளுக்கோஸ் கொடுத்துச் சோதிக்கட்டும். பொய்யே சொல்லாது.

தாழம்பூ:
பாதி சரி. குளுக்கோஸ் சிறுகுடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், பொதுவாகப் பெருங்குடல் வரை போய்க் குழப்பாது. ஆனால் கிருமி கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்தால் அதற்குத் தெரியாது. குடல் மிக வேகமாக ஓடுகிறவர்களிடம் அதுவும் தப்பும்.

மழைக்குருவி, வயிற்றில் ஏதாவது அறுவை செய்திருக்கிறீர்களா? வேறு ரத்தப் பரிசோதனை?

மழைக்குருவி:
ஆறு வருடத்துக்கு முன் குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து அறுவை செய்தார்கள். பி12 குறைவு, ஃபோலேட் மட்டும் அளவுக்கு மேலே. சத்து மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. அமிலம் குறைக்கும் மாத்திரை நான்கு வருடமாக எடுக்கிறேன். உப்பசத்துக்குப் பயந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏழெட்டு முறை சாப்பிடுகிறேன்.

தாழம்பூ:
சரி, இப்போது நான் கொஞ்சம் கட்சி மாறுகிறேன். பி12 குறைவுக்கு அந்த அமில மாத்திரையே காரணமாக இருக்கலாம். ஆனால் ஃபோலேட் ஏறியிருப்பது வேறு சேதி: சிறுகுடலில் பெருகிய கிருமிகள் பி12ஐத் தின்று ஃபோலேட்டை உண்டாக்கும். சாப்பாட்டாலும் அது கூடலாம் என்பதால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

குடல்வால் வெடித்த வயிற்றில் குடல் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. ஒட்டிய இடத்தில் வளைவோ இறுக்கமோ இருந்தால் தண்ணீர் தேங்குவது போல உணவு தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி வளரும். மாத்திரை கிருமியைக் குறைக்கும். ஒட்டலை என்ன செய்யும்? 2008இல் வந்த ஓர் ஆய்வில், ரிஃபாக்சிமினால் பரிசோதனை சரியானவர்களில் 44 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் திரும்பிவிட்டது. வயது, குடல்வால் அறுவை, நாள்பட அமில மாத்திரை, இந்த மூன்றும் உள்ளவர்களுக்கு அதிகம். உங்களிடம் இரண்டு இருக்கின்றன.

இன்னொன்று. வயிறு காலியாக இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுகுடலில் ஓர் அலை ஓடி மிச்சம் மீதியைக் கீழே தள்ளும். வாயில் எதையாவது போட்டால் அது நின்றுவிடும். ஏழெட்டு முறை சாப்பிட்டால் பகல் முழுக்க அந்தத் துடைப்பம் மூலையில் கிடக்கும். சாப்பாட்டுக்கு நடுவே நான்கு மணி நேரம் விட்டுப் பாருங்கள். இதைச் சோதித்த பெரிய ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை, செலவு இல்லாத முயற்சி என்பதால் சொல்கிறேன். எடை குறைந்தாலோ, முறுக்கிப் பிடிக்கும் வலியோடு வாந்தி வந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

கூழாங்கல்:
அமில மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள். குற்றவாளி அதுதான்.

தாழம்பூ:
சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து நெஞ்சு எரியும். அதை எதற்காகக் கொடுத்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மழைக்குருவி:
மூட்டுவலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்று துணைக்குக் கொடுத்தது. இப்போதுதான் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். மூட்டுவலி மாத்திரையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. இதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன். மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பது பற்றியும், ஒட்டலைப் பார்க்க சி.டி. எடுப்பது பற்றியும் கேட்கிறேன்.

தாழம்பூ:
கேளுங்கள். ஒட்டல் சி.டி.யில் நேரடியாகத் தெரியாமல் போகலாம், குடல் ஓரிடத்தில் விரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபோலேட் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.